வாய்மொழிப் பாகப்பிரிவினை: நீதிமன்றம் உண்மையில் எதை நிராகரிக்கிறது?

நிலத் தகராறு தீர்ப்புகளைச் செய்தியில் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. ஒரு நாள் ‘வாய்மொழிப் பாகப்பிரிவினை செல்லும்’ என்று செய்தி வருகிறது. இன்னொரு நாள் ‘பதிவு செய்யாத குடும்ப ஏற்பாட்டை ஏற்க முடியாது’ என்று வருகிறது. இரண்டையும் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இரண்டும் சரியான செய்திகள்தாம்.

வாயால் சொன்னது என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் எதையும் தள்ளிவிடுவதில்லை. அது முதலில் கேட்பது, அன்றைக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான். ஏற்கெனவே உங்களுக்கு இருந்த பங்கை அளந்து பிரித்துக்கொண்டீர்களா, அல்லது ஒருவருடைய பங்கை இன்னொருவருக்குக் கொடுத்தீர்களா? பெரும்பாலான குடும்ப ஏற்பாடுகளில் இரண்டும் கலந்தே நடக்கின்றன. வழக்கு தோற்பது அந்தக் கலப்பினால்தான்.

## பிரிப்பது வேறு, கொடுப்பது வேறு

இரண்டு சட்டங்கள் இங்கே வேலை செய்கின்றன. இரண்டும் கேட்பது வேறு வேறு.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் செயலைப் பார்க்கிறது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தை விற்பதானால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது அதன் 54-ஆம் பிரிவு. நிலத்தைத் தானமாகக் கொடுப்பதானால் மதிப்பு எதுவாக இருந்தாலும் பதிவும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும் என்கிறது 123-ஆம் பிரிவு. வாயால் சொன்ன தானம் இந்தச் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. ‘நூறு பேர் முன்னால் கொடுத்தார்’ என்று நிரூபித்தாலும் பயனில்லை.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் காகிதத்தைப் பார்க்கிறது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நில உரிமையை உண்டாக்குகிற, அறிவிக்கிற, மாற்றுகிற, குறைக்கிற அல்லது இல்லாமலாக்குகிற எந்தக் காகிதமும் பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு. பதிவாகாவிட்டால் அந்தக் காகிதத்தால் சொத்தின் உரிமை மாறாது; அந்தப் பரிமாற்றத்துக்குச் சாட்சியமாகவும் அதை ஏற்க முடியாது என்கிறது 49-ஆம் பிரிவு. காகிதமே இல்லை என்றால் இந்தச் சட்டத்துக்கு அங்கே வேலையும் இல்லை.

பாகப்பிரிவினை இந்த இரண்டு வலைகளுக்கும் நடுவே நழுவிவிடும். நான்கு பேருக்குப் பொதுவான நிலத்தை நான்காகப் பிரித்துக்கொண்டால் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. எல்லாரிடமும் முன்பே இருந்த உரிமை தனித்தனி இடமாக வரையறுக்கப்படுகிறது, அவ்வளவுதான். அது விற்பனையும் அல்ல, தானமும் அல்ல. எழுதாமல் செய்தால் பதிவுச் சட்டமும் குறுக்கே வராது. அதனால்தான் இந்துக் குடும்பங்களில் வாய்மொழிப் பாகப்பிரிவினை சட்டப்படி செல்லும் என்று நீதிமன்றங்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகின்றன.

பாகப்பிரிவினைக்கு அண்டையில் இன்னொன்று உண்டு: குடும்ப ஏற்பாடு. உரிமை யாருக்கு எவ்வளவு என்பதிலேயே தகராறு இருக்கும்போது, அல்லது வரப்போகும்போது, வழக்குக்குப் போகாமல் விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்வது அது. 1976-இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தாராளமாகவே இடம் கொடுத்தது. நேர்மையாக, யாரையும் வற்புறுத்தாமல், ஏதாவது ஓர் உரிமையோ உரிமைக் கோரிக்கையோ உள்ளவர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு வாய்மொழியாகவும் இருக்கலாம் என்றது. அதன் பலனை அனுபவித்தவர் பிறகு அதை மறுக்க முடியாது என்றும் சொன்னது. வாய்மொழி ஏற்பாட்டை நம்பி வழக்காடும் சகோதரர்களின் வழக்கறிஞர்கள் முதலில் கையில் எடுக்கும் தீர்ப்பு இதுதான்.

## நான்கு ஏக்கர், நான்கு வாரிசு

இனி ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் எந்த மாவட்ட முன்சீப் நீதிமன்றத்திலும் இந்தச் சாயலில் ஒரு வழக்குக் கட்டு இருக்கும்.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நான்கு ஏக்கர். 1996-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். மகளுக்கு 1991-இலேயே கல்யாணம் ஆகிவிட்டது. இருபத்தைந்து பவுன் போட்டு, சீர் செய்து அனுப்பினார்கள். 2003-இல் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசினார்கள். கிணற்றை ஒட்டிய கிழக்குப் பக்கம் இரண்டு ஏக்கர் பெரியவனுக்கு, மேற்கே இரண்டு ஏக்கர் சின்னவனுக்கு. அம்மாவை இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வது. ‘பாப்பாவுக்குத்தான் செய்யவேண்டியதைச் செய்தாச்சே’ என்று ஒரு பெரியவர் சொன்னார். தங்கையும் தலையாட்டினாள், அல்லது தலையாட்டினாள் என்று அண்ணன்கள் சொல்கிறார்கள். எழுத்து எதுவும் இல்லை. அதன்பின் இருவர் பெயரிலும் தனித்தனிப் பட்டா வந்தது. 2015-இல் அம்மா காலமானார். 2019-இல் பெரியவர் தன் பக்கத்தில் ஐம்பது சென்டை வெளியாள் ஒருவருக்குப் பதிவுப் பத்திரம் மூலம் விற்றார். புறவழிச்சாலை வந்து நிலத்தின் விலை ஏறியது. 2022-இல் தங்கை பாகம் கேட்டு வழக்குப் போட்டார்.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பெண்ணுக்குப் பங்கு 1989-இலோ 2005-இலோதானே வந்தது, 1991-இல் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன உரிமை என்கிறார்கள். அந்த ஆண்டுகள் பூர்வீகச் சொத்துக்கு உரியவை. அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணம் ஆனதா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஆகவே அப்பா இறந்த நாளில் நான்கு பேருக்கும் ஆளுக்கு நூறு சென்ட். அம்மா இறந்தபோது அவருடைய நூறு சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகிறது. தங்கையின் கணக்கு: நூறும் முப்பத்து மூன்றேகாலும் சொச்சமும். அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது 2003 திண்ணைப் பேச்சைச் சட்டத்தின் கண்ணால் பாருங்கள். இரண்டு அண்ணன் தம்பிகள் கிழக்கு மேற்காகப் பிரித்துக்கொண்டது பாகப்பிரிவினை. அது வாய்மொழியாகச் செல்லும். ஆனால் நூறு நூறு சென்டுக்கு உரிய அவர்கள் கைக்கு இருநூறு இருநூறு சென்ட் எப்படி வந்தது? தங்கையின் நூறும் அம்மாவின் நூறும் அவர்களிடம் வந்ததால். பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் ஒருவர் தன் பங்கை விட்டால் நீதிமன்றம் அதைத் தானத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பணம் வாங்கிக்கொண்டு விட்டால் விற்பனையின் பக்கத்தில். இரண்டுக்கும் பதிவுப் பத்திரம் வேண்டும். இந்த வேலைக்கென்றே பத்திர அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் எழுதவில்லை. வாய்மொழிப் பேச்சின் ஒரு பாதி நிற்கும், மறு பாதி விழும் என்ற நிலைமை இப்படித்தான் வருகிறது.

## அண்ணன்கள் சொல்லும் நான்கு பதில்கள்

1. ‘இது தானம் அல்ல, குடும்ப ஏற்பாடு.’ நல்ல வாதம்தான், காலே தீர்ப்பும் கையில் இருக்கிறது. ஆனால் அதற்கு விட்டுக்கொடுத்தல் இருபக்கமும் தெரியவேண்டும். தங்கைக்கு என்ன கிடைத்தது? நகை என்கிறார்கள். அது 1991-இல் போட்டது. அவருடைய உரிமை பிறந்ததோ 1996-இல். பிறக்காத உரிமைக்கு முன்கூட்டியே விலை கொடுத்ததாகச் சொல்வதை நிறுவுவது கடினம். ஒருவருக்கு முழுதாகப் பூஜ்யம் வருகிற ஏற்பாட்டை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 2003-இல் தங்கைக்கு இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து, வங்கியில் அதற்குச் சுவடு இருந்து, அவர் அதை வைத்து வீடு கட்டியிருந்தால் கதையே வேறு.

2. ‘சாட்சி இருக்கிறது.’ வாய்மொழி வழக்கின் உயிர் குறுக்கு விசாரணையில் இருக்கிறது. எந்தத் தேதி, யார் வீட்டில், யார் யார் இருந்தார்கள், கிணற்றை யாருக்கு விட்டீர்கள், வண்டிப்பாதை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பெரியவர் ‘தை மாதம்’ என்பார், சின்னவர் ‘அறுவடைக்கு முந்தி’ என்பார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்திருப்பார்; இன்னொருவர் அண்ணனுக்குச் சம்பந்தி. வழக்குரையில் தேதியே இல்லாமல் ‘சுமார் இருபது வருடங்களுக்கு முன்’ என்று மட்டும் எழுதியிருந்தால், பின்னால் சாட்சிக் கூண்டில் சொல்லும் விவரங்கள் ஜோடித்தவையாகத் தோன்றும். வாய்மொழி ஏற்பாடு நடந்ததென்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். நடக்கவில்லை என்று தங்கை நிரூபிக்கவேண்டியதில்லை.

3. ‘பட்டா எங்கள் பெயரில்.’ வருவாய்த் துறையின் பெயர் மாற்றம் உரிமையை உண்டாக்காது, அழிக்கவும் செய்யாது. வரி யாரிடம் வாங்குவது என்பதற்கான பதிவு அது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 1980களில் நடந்த யு.டி.ஆர் பதிவேட்டுப் புதுப்பிப்பில் வீட்டுக்கு மூத்தவர் பெயரில் மட்டும் பட்டா ஏறிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பட்டா மாற்றத்தின்போது தங்கை கையெழுத்திட்ட சம்மதக் கடிதமோ வாக்குமூலமோ தாலுகா அலுவலகக் கோப்பில் இருந்தால் அது மதிப்புள்ள துணைச் சாட்சியம். அப்போதும் அது துணைதான்.

4. ‘இத்தனை வருடம் உழுதது நாங்கள்.’ அந்நியர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டு எதிரிடையாக அனுபவித்தால் உரிமை கோரலாம். கூட்டு உரிமையாளர் விஷயத்தில் அப்படி இல்லை. ஒருவருடைய அனுபவம் மற்றவர்களின் அனுபவமாகவே கருதப்படும். ‘உனக்கு இதில் உரிமை இல்லை’ என்று தங்கைக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டு கடந்திருக்கவேண்டும். தங்கை சும்மா இருந்தார் என்பது மறுப்பு ஆகாது. பொங்கலுக்கு அண்ணன் ஒரு மூட்டை நெல் அனுப்பிக்கொண்டிருந்திருந்தால் மறுப்பு என்ற வாதமே கிடையாது.

இத்தனைக்கும் பிறகு நீதிமன்றம் தங்கைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை தரும். இருபது ஆண்டு உழைப்பு வீண் என்று பொருள் இல்லை. அதன்பின் நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் ஒருவர் நிலத்தை அளந்து பிரிப்புத் திட்டம் கொடுப்பார். அப்போது பெரியவர் கட்டிய வீடும் சின்னவர் போட்ட ஆழ்துளைக் கிணறும் முடிந்தவரை அவரவர் பங்கிலேயே விழும்படி பார்த்துக்கொள்வார்கள். 2019-இல் ஐம்பது சென்ட் வாங்கியவருக்கும் விற்றவரின் பங்கு அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த இடத்தையே பெரியவர் பங்கில் ஒதுக்கும்படி கேட்கலாம். ஆனால் விற்றவரிடம் இல்லாத உரிமை அவருக்கும் வராது. பதிவுப் பத்திரம் வைத்திருப்பவரும் வழக்கில் இழுக்கப்படுவதற்கு இதுதான் காரணம். வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும். திண்ணைப் பேச்சு அதில் வராது; தங்கையின் பங்கும் வராது.

## எழுதிவைத்திருந்தால்?

இதே குடும்பம் 2003-இல் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு கூர்சீட்டு எழுதி, தங்கை உட்பட எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை நன்றாகத்தானே இருக்கும் என்று தோன்றும். சில சமயம் இன்னும் மோசமாகிறது.

சீட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘நாம் அனைவரும் சம்மதித்து, கீழ்க்கண்ட சொத்துகளை இன்று முதல் கீழ்க்கண்டபடி பாகமாக அடைந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ இந்த வரி அன்றைக்கு, அந்தக் காகிதத்தாலேயே, உரிமையை உண்டாக்குகிறது. அதனால் இது பாகப்பிரிவினைப் பத்திரம். 17-ஆம் பிரிவில் விழுகிறது. பதிவாகவில்லை, ஆகவே 49-ஆம் பிரிவின்படி உரிமைக்குச் சாட்சியம் ஆகாது. சரி, காகிதத்தை ஒதுக்கிவிட்டு வாயால் நிரூபிக்கிறேன் என்றால் அதுவும் முடியாது. சொத்து பற்றிய ஏற்பாட்டை எழுத்தில் கொண்டுவந்துவிட்டால் அந்த எழுத்தைத் தவிர வேறு எதையும் கொண்டு அதன் நிபந்தனைகளை நிரூபிக்கக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 94-ஆம் பிரிவு. எழுதாமல் விட்டிருந்தால் வாய்ச் சாட்சியமாவது மிஞ்சியிருக்கும். எழுதிப் பதியாமல் விட்டதால் இரண்டு கதவும் சாத்திக்கொள்கின்றன.

இன்னொரு விதமாகவும் எழுதலாம்: ‘சென்ற பங்குனி மாதம் பெரியவர்கள் முன்னிலையில் நாம் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அதன்படி அனுபவித்து வருவதை ஞாபகத்துக்காக இதில் குறித்துக்கொள்கிறோம்.’ இங்கே உரிமை காகிதத்தில் பிறக்கவில்லை. முன்பே நடந்ததைக் காகிதம் நினைவுபடுத்துகிறது. இத்தகைய நினைவுக் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்பதும் காலே வழக்கில் சொன்னதுதான். 2020-இல் ரவீந்தர் கௌர் கிரேவால் வழக்கிலும் 2021-இல் கோருகொண்டா சலபதி ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே வழியில் போனது. 2015-இல் யெல்லப்பு உமா மகேஸ்வரி வழக்கிலோ, அந்தக் காகிதங்கள் தாங்களே உரிமையை மாற்றியவை என்று கண்டு, பதிவாகாததால் உரிமைக்குச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. செய்திகளில் முரணாகத் தெரியும் தீர்ப்புகளின் பின்னணி இந்த வேறுபாடுதான்.

இதைத் தெரிந்துகொண்டு இப்போது சிலர் எல்லாச் சீட்டிலும் ‘ஞாபகத்துக்காக’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நீதிமன்றம் தலைப்பைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. முந்தைய பிரிவினை எப்போது நடந்தது என்று சொல்ல முடியாமல், சீட்டு எழுதிய நாளுக்கு முன் தனி அனுபவத்துக்கு ஒரு கிஸ்தி ரசீதுகூட இல்லாமல் இருந்தால், அந்தச் சொல் காப்பாற்றாது. நோட்டரி முத்திரையும் காப்பாற்றாது. அது பதிவுக்கு ஈடல்ல.

பதிவாகாத சீட்டுக்கு மிஞ்சும் ஒரே பயன் துணை நோக்கம் என்று வழக்குமன்றத்தில் சொல்லப்படுவது. குடும்பம் பிரிந்துவிட்டது, இன்னார் இன்ன இடத்தில் எந்த நிலையில் இருந்தார் என்பதற்கு மட்டும் அதைக் காட்டலாம். இந்த ஏக்கர் எனக்கு உரியது என்று காட்ட முடியாது. அதற்கும் முன்னால் முத்திரைத் தீர்வை என்ற தடை இருக்கிறது. உரிய தீர்வை கட்டாத ஆவணத்தை எந்த நோக்கத்துக்காகவும் ஏற்கக் கூடாது என்பது இந்திய முத்திரைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு. குறைந்த தீர்வையையும் அதில் பத்து மடங்கு வரையான தண்டத்தையும் கட்டிய பிறகே சீட்டு உள்ளே வரும்.

## பூர்வீகச் சொத்தானால் இன்னும் கடுமை

நான்கு ஏக்கர் அப்பாவின் சம்பாத்தியமாக இல்லாமல் தாத்தா வழியில் வந்த கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் ஒரு கூடுதல் வேலி உண்டு. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை மட்டும் அது தொடவில்லை. அந்தத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்த நாள் அது.

தேதியை வைத்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. மகளுக்குப் பங்கு தரக் கூடாது என்று நினைக்கிற எந்தக் குடும்பமும் ‘நாங்கள் 2002-லேயே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்’ என்று சொல்லிவிடலாம். ஆகவே இந்தத் திருத்தத்தில் பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்தது மட்டுமே என்று விளக்கம் சேர்த்தார்கள். 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு ஒரு சிறு சன்னல் திறந்தது. பொது ஆவணங்கள் தாங்கி நிற்கிற, இறுதியாக நடந்து முடிந்ததென்று தெளிவாகத் தெரிகிற அரிதான வழக்கில் வாய்மொழிப் பிரிவினையை ஏற்கலாம். வெறும் வாய்ச் சாட்சியத்தை மட்டும் நம்பிய வாதத்தை அப்படியே தள்ளவேண்டும் என்றது.

எனவே பூர்வீகச் சொத்தில் வாய்மொழி வாதத்துக்குப் பழைய சுதந்திரம் இல்லை. மகள் எதிரே நிற்கும்போது சட்டம் கிட்டத்தட்டச் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறது. அது நியாயமான சந்தேகம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

## வாய்மொழி நிற்கிற வழக்குகள்

நிற்கிற வழக்குகளும் உண்டு. அவற்றில் பொதுவாகக் காணப்படுவது, தகராறு வருவதற்கு வெகுகாலம் முன்பே, வேறு வேலைக்காக எழுதப்பட்ட காகிதங்கள். அண்ணன் 1988-இல் தன் நிலத்தை ஓர் அந்நியருக்கு விற்ற பத்திரத்தில் ‘எனக்குப் பாகத்தில் கிடைத்து’ என்று எழுதி, செக்குபந்தியில் ‘மேற்கே என் தம்பி பாகத்து நிலம்’ என்று எல்லை காட்டியிருப்பார். தம்பி தன் பங்கை மட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் அடமானம் வைத்திருப்பார். இருவருக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி கிஸ்தி ரசீது. இந்தக் காகிதங்கள் உரிமையை உண்டாக்கவில்லை; முன்பு நடந்த பிரிவினையின் தடயங்கள் அவை. யாரும் வழக்கை நினைத்து எழுதாததால் நீதிபதி நம்புகிறார்.

மறுபக்கத்தில் நிற்பவரும் முக்கியம். பங்கு அளவு சரியாக இருந்து, எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்து, எல்லாரும் அதன்படி விற்றும் கட்டியும் நடந்துகொண்ட பிறகு ஒருவர் திரும்பி வந்தால், நீதிமன்றம் அவரைத்தான் மறிக்கும். ஒன்றுமே பெறாதவரை அப்படி மறிக்க முடியாது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு தனி விதிவிலக்கும் உண்டு. ஹிபா என்ற வாய்மொழித் தானம் செல்லும். கொடுப்பதாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், அனுபவத்தை ஒப்படைத்தல் மூன்றும் நிரூபணமானால் போதும். 123-ஆம் பிரிவு அங்கே பொருந்தாது. அங்கேயும் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் மூன்றாவதில்தான், நிலம் கைமாறியதைக் காட்ட முடியாமல்.

## பழைய ஏற்பாட்டை இப்போது பதிவு செய்வது

2003 சீட்டை இப்போது எடுத்துக்கொண்டுபோய்ப் பதிவு செய்ய முடியாது. ஆவணம் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் கொடுக்கவேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொல்லி, அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் கிடைக்கலாம். அதற்குப் பிறகு வழி புதுப் பத்திரம்தான்:

1. முதலில் வாரிசுக் கணக்கைப் போடவேண்டும். 2003-இல் உட்கார்ந்தவர்களில் யாராவது இறந்திருந்தால் அவருடைய மனைவி, பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். நான்கு பேர் வேலை இருபது ஆண்டில் பதினொரு பேர் வேலையாகிவிடுவது இப்படித்தான்.

2. பங்கை விட்டுக்கொடுப்பவர் இருந்தால் அவரிடம் விடுதலைப் பத்திரம் தனியாக வாங்கவேண்டும். அல்லது ஒரே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவரையும் கட்சியாக்கி, அவர் நிலத்துக்குப் பதிலாக எவ்வளவு பணம் பெற்றார், எப்படிப் பெற்றார் என்று எழுதவேண்டும். ‘சீர் செய்தாகிவிட்டது’ என்று மட்டும் எழுதினால் பின்னால் அதுவே கேள்வியாகும்.

3. சொத்து விவரத்தில் புல எண், உட்பிரிவு, நான்கு எல்லை, நீள அகலம் ஆகியவற்றோடு பொதுக் கிணறு, மோட்டார், வண்டிப்பாதை, வாய்க்கால் ஆகியவற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்பதும் வரவேண்டும். நிலத்தைப் பிரித்துவிட்டுத் தண்ணீரைப் பிரிக்காமல் விட்ட பத்திரங்களால் வரும் வழக்குகள் தனிக் கூட்டம்.

4. செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. குடும்பத்தினருக்குள் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தலா ஒரு சதவீதம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அதை உயர்த்தியபோது தீர்வைக்கு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டணத்துக்கு 4,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் வைத்தார்கள். பாகப்பிரிவினையில் இந்த வரம்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. குடும்பத்துக்கு வெளியே உள்ளவரைக் கட்சியாகச் சேர்த்தால் இந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம்.

ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தால் மற்றவர்கள் சேர்ந்து எழுதும் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது. அப்போது பாக வழக்குதான் வழி. வழக்கு நடக்கும்போது சமரசமானால், எல்லாரும் கையெழுத்திட்ட சமரச மனுவை நீதிமன்றம் ஏற்றுத் தரும் தீர்ப்பாணைக்கு, அது வழக்கில் உள்ள சொத்தை மட்டும் பற்றியதாக இருக்கும்வரை, பொதுவாகப் பதிவு தேவைப்படாது. வழக்கில் சேர்க்காத இன்னொரு மனையையும் அதே மனுவில் சேர்த்துவிட்டால் அந்த மனை அளவுக்கு மறுபடியும் 17-ஆம் பிரிவு வந்து நிற்கும்.